பாட்டிலில் படியும் அடுக்கு: ஆற்று மணலுக்கு ஒரு கணக்கு, எம்.சாண்டுக்கு வேறு கணக்கு

"வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்து தளம் கான்கிரீட், அதன்பின் பூச்சு வேலை. ஒரு லோடு ஆற்று மணல், ஒரு லோடு எம்.சாண்ட் இறங்கியிருக்கிறது. இரண்டையும் உப்புத் தண்ணீரில் போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வைத்துப் பார்த்தேன். 100 மி.மீ. மணலுக்கு மேல் ஆற்று மணலில் 9 மி.மீ., எம்.சாண்டில் 14 மி.மீ. அடுக்கு படிந்திருக்கிறது. 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். இரண்டையும் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதானா? கான்கிரீட்டுக்கு எது, பூச்சுக்கு எது?"

இரண்டையும் இன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டாம். அந்த 8 சதவீதம் ஆற்று மணலுக்காக வழக்கத்தில் வந்த எல்லை. எம்.சாண்டுக்கு அதைக் கொண்டு தீர்ப்புச் சொன்னால் நல்ல சரக்கும் தோற்றுப்போகும். உங்கள் அளவுகளைப் பார்த்தால், 14 காட்டிய எம்.சாண்ட் கான்கிரீட்டுக்குத் தேறிவிடும் வாய்ப்பு அதிகம். 9 காட்டிய ஆற்று மணல்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஆனால் கான்கிரீட்டுக்குத் தேறிவிட்டது என்பதற்காக அதே எம்.சாண்டைச் சலித்துப் பூச்சுக்கும் போட்டுவிடாதீர்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நடுவில் செய்து பார்க்க வேண்டிய இரண்டு சோதனைகளும் வரும். அவற்றுக்கு ஒரு வாளி, ஒரு எடை மெஷின், இரண்டு பாட்டில் இருந்தால் போதும்.

முதலில், மேலே படிந்திருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். ஆற்று மணலில் மேலே நிற்பது பெரும்பாலும் வண்டலும் களிமண்ணும். களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் குறைவானது, தட்டையானது, தண்ணீரைக் கண்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மணல் பருக்கையின் மேல் மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டு, சிமெண்ட் பசை பருக்கையைப் பிடிக்காமல் தடுக்கும். எம்.சாண்ட் என்பது கருங்கல்லை உடைத்து எடுக்கும் மணல்; அதில் மேலே நிற்பது அதே கருங்கல்லின் மாவு. பாறையை இயந்திரத்தில் அடித்து உடைக்கும்போது 75 மைக்ரானுக்குக் கீழே ஒரு பங்கு தூளாகத்தான் வரும். அது உப்பாது, சுருங்காது, பருக்கைமேல் தோலாகவும் ஒட்டாது. அதனால் வரும் தொந்தரவு வேறு: பரப்பளவு கூடுவதால் கலவைக்குத் தண்ணீர் அதிகம் கேட்கும்.

இந்தியத் தரநிலையும் இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டுதான் எல்லை வகுத்திருக்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383-இன்படி, கான்கிரீட்டுக்கான மணலில் 75 மைக்ரான் சல்லடை வழியே போய்விடும் தூள், இயற்கை மணலில் எடையில் 3 சதவீதம் வரை இருக்கலாம். பாறையை உடைத்த மணலில் 15 சதவீதம் வரை இருக்கலாம். ஐந்து மடங்கு இடைவெளி! எம்.சாண்ட் ஆட்களுக்குக் காட்டிய சலுகை இல்லை இது. ஒன்றில் வருவது களிமண் என்றும் மற்றதில் வருவது கல்மாவு என்றும் எடுத்துக்கொண்டதால் வந்த இடைவெளி. அப்படியானால், உங்கள் எம்.சாண்டில் இருப்பது உண்மையிலேயே கல்மாவுதானா என்பதை நீங்கள் உறுதி செய்துகொள்ள வேண்டும். குவாரியில் மேல்மண்ணை முழுக்க நீக்காமல் உடைத்திருந்தாலோ, உளுத்த பாறையை உடைத்திருந்தாலோ, எம்.சாண்டிலும் களிமண் வரும். அப்போது அந்த 15 சதவீதச் சலுகையை நம்பினால் மோசம் போவோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தரநிலை சொல்வது எடைக் கணக்கு. பாட்டிலில் நீங்கள் அளந்தது உயரம், அதாவது கன அளவு. களிமண் அடுக்கு தண்ணீரை நிறையப் பிடித்துக்கொண்டு பஞ்சுபோல உப்பி நிற்கும். அதைக் காயவைத்து நிறுத்தால் எடை சொற்பம்தான். அதனால் உயரத்தில் 8 சதவீதம் காட்டும் ஆற்று மணலில் எடைக்கு 3 சதவீதத்தை ஒட்டித்தான் தூள் இருக்கும். கல்மாவு அப்படி உப்பாமல் இறுகிப் படியும். அதே உயரத்துக்கு எடை கூடுதல். போதாததற்கு, எம்.சாண்டில் பருமனான துகளிலிருந்து மாவு வரை எல்லா அளவும் தொடர்ச்சியாக இருப்பதால் மணல் எங்கே முடிகிறது, மாவு எங்கே தொடங்குகிறது என்ற கோடே தெளிவாகத் தெரியாது. ஆற்று மணலில் கோடு பளிச்சென்று தெரியும். நீங்கள் 14 என்று எழுதியதில் இரண்டு மூன்று மி.மீ. வெறும் நுண்மணலாகவே இருக்கலாம்.

சரி, மேலே நிற்பது மாவா களிமண்ணா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நீங்கள் உப்புப் போட்டுச் செய்த சோதனையை உப்பில்லாமல் இன்னொரு தடவை செய்யுங்கள். உப்பு போடுவது களிமண் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துச் சீக்கிரம் படியவைக்கத்தான். அளப்பதற்கு அது வசதி. ஆனால் களிமண்ணை அடையாளம் காட்டும் குணமே அது தண்ணீரில் படியாமல் மிதப்பதுதான். உப்பு அதை மறைத்துவிடுகிறது. ஆகவே இந்த முறை உப்பு வேண்டாம். உப்புக்கரிக்கும் போர் தண்ணீரும் வேண்டாம், அதுவும் உப்புப் போட்டதுபோலத்தான் வேலை செய்யும். குடிக்கிற கேன் தண்ணீர் போதும்.

மணலுக்கு மேல் ஏறக்குறைய 10 செ.மீ. தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். 75 மைக்ரான் துகள் தண்ணீரில் நொடிக்கு 5 மி.மீ. வேகத்தில் இறங்கும், 10 செ.மீ. இறங்க 20 நொடி போதும். 10 மைக்ரான் துகளுக்கு 20 நிமிடம் ஆகும். 2 மைக்ரானுக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம். இது துகளின் அளவையும் அடர்த்தியையும் வைத்துப் போட்ட இயற்பியல் கணக்கு, தண்ணீரின் சூட்டைப் பொறுத்துச் சற்று முன்பின் இருக்கும். இதிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் அடையாளம் இதுதான்: ஒன்று ஒன்றரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் பெரும்பாலும் தெளிந்து, பின்னால் வைத்த எழுத்தைப் படிக்க முடிந்தால் மேலே படிந்தது கல்மாவு. மறுநாள் காலையிலும் தண்ணீர் செம்மண் நிறத்திலோ மோர்போல வெளிறியோ கலங்கி நின்றால் களிமண் இருக்கிறது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சாம்பல் நிறக் களிமண்ணும் உண்டு.

அதோடு விடாமல், தெளிந்த தண்ணீரை மெல்ல வடித்துவிட்டு, மேல் அடுக்கை ஒரு கரண்டியால் வழித்து, ஒரு தட்டில் வெயிலில் காயவையுங்கள். களிமண் காய்ந்தால் குளத்தின் அடிமண் வெடிப்பதுபோல வெடித்து, ஓடாகச் சுருண்டு, விரலால் உடைக்கக் கொஞ்சம் பலம் கேட்கும். கல்மாவு காய்ந்தால் தொட்டதும் பொடியாக உதிரும். ஈரமாக இருக்கும்போதே பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தாலும் தெரியும். களிமண் சோப்புபோல வழுக்கும். மாவு எவ்வளவு நுண்மையாக இருந்தாலும் நறநறவென்ற ஒரு சொரசொரப்பு விடாது. அனுபவமுள்ள கொத்தனார்கள் மணலைக் கையில் பிசைந்து பார்த்துச் சொல்வதும் இதைத்தான். ஆனால் ஈர மணலைக் கைப்பிடியில் பிடித்து உருண்டை நின்றால் மண் கலப்பு என்று சொல்லும் சோதனை எம்.சாண்டுக்கு அப்படியே பொருந்தாது. மாவு இருந்தாலும் ஈரத்தில் உருண்டை நிற்கும். உருண்டையைக் காயவைத்துத் தொட்டுப் பாருங்கள். தானாக உதிர்ந்தால் மாவு, அழுத்தினால்தான் உடைகிறது என்றால் களிமண்.

மாவுதான் என்று தெரிந்தபின் அது எவ்வளவு என்று எடையில் பார்க்க வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் 75 மைக்ரான் சல்லடையில் வைத்துக் கழுவுவார்கள். அந்தச் சல்லடை கையில் இல்லாமல் வீட்டில் செய்ய, மேலே சொன்ன 20 நொடிக் கணக்கே உதவும். மணலை வாணலியில் வறுத்தோ நல்ல வெயிலில் பரப்பியோ முழுக்கக் காயவைத்து, சரியாக 1000 கிராம் நிறுத்து எடுங்கள். ஒரு வாளியில் போட்டு, மணலுக்கு மேல் 10 செ.மீ. நிற்கும்படி தண்ணீர் ஊற்றிக் கையால் நன்றாகப் பிசைந்து கலக்குங்கள். கையை எடுத்ததும் இருபது வரை நிதானமாக எண்ணி, கலங்கிய தண்ணீரை மட்டும் சாய்த்து ஊற்றிவிடுங்கள். மணல் வாளியின் வாய்க்கு வரும்போது நிறுத்திவிட வேண்டும். மறுபடி தண்ணீர், மறுபடி பிசைதல், மறுபடி இருபது. இருபது எண்ணி முடிக்கும்போது தண்ணீர் தெளிந்து தெரிகிற வரை இதைச் செய்யுங்கள். எம்.சாண்டுக்குப் பல தடவை ஊற்ற வேண்டிவரும், பொறுமை வேண்டும். மிச்சத்தைக் காயவைத்து நிறுங்கள். குறைந்த எடைதான் தூள்.

உதாரணமாக, உங்கள் எம்.சாண்ட் 905 கிராமாக வந்தால் தூள் 95 கிராம், அதாவது 9.5 சதவீதம். பாட்டிலில் 14 காட்டும் கல்மாவு எடையில் இந்த அக்கம்பக்கத்தில்தான் வரும். ஆற்று மணல் 962 கிராமாக வந்தால் தூள் 3.8 சதவீதம். வாளி முறை சல்லடை அளவுக்குத் துல்லியம் இல்லை. ஊற்றும் வேகத்தில் கொஞ்சம் நுண்மணலும் போய்விடும். ஆகவே ஒரு சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9.5-ஐயும் 15-ஐயும் பிரித்துச் சொல்ல இது தாராளமாகப் போதும். 3.8-ஐயும் 3-ஐயும் பிரித்துச் சொல்லப் போதாது.

இந்த எண்களை வைத்துக் கான்கிரீட்டை முதலில் முடிவு செய்வோம். எம்.சாண்ட் 9.5, எல்லை 15, தூள் களிமண் இல்லை. தளத்துக்குப் போடலாம். சொல்லப்போனால் ஓரளவு மாவு இருப்பது நல்லதுதான். எம்.சாண்ட் துகள்கள் முனை மழுங்காதவை, ஆற்று மணல்போல உருண்டு ஓடாது. மாவை முழுக்கக் கழுவி எடுத்துவிட்டால் கலவை சொரசொரத்து, ஜல்லி தனியாக, தண்ணீர் தனியாகப் பிரியும். மாவு அந்த இடைவெளியை நிரப்பிக் கலவையைச் சேர்த்துப் பிடிக்கிறது. ஆற்று மணலை இந்தத் தளத்துக்கு நான் போட மாட்டேன். எல்லையை ஒட்டி நிற்கிறது, இருப்பதும் களிமண். கையில் இன்னொரு நல்ல சரக்கு இருக்கும்போது அந்தச் சந்தேகம் எதற்கு?

எம்.சாண்ட் கான்கிரீட்டில் உண்மையான ஆபத்து மணலில் இல்லை, தண்ணீர் ஊற்றும் கையில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம்; 50 கிலோவுக்கு 25, விகிதம் 0.5. சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 என்ற கலவையில் அந்த மூட்டைக்கு ஏறக்குறைய 84 கிலோ மணல் போகும். ஆற்று மணல் பொதுவாக ஈரமாகத்தான் வரும். 5 சதவீத ஈரம் இருந்தால் மணலோடு சேர்ந்தே 4 லிட்டர் தண்ணீர் கலவைக்குள் போய்விடுகிறது. கொத்தனார் அதைக் கணக்கில் வைக்காமல் பழக்கத்தில் 21 லிட்டர் ஊற்றிக்கொண்டிருப்பார். காய்ந்த எம்.சாண்ட் வந்தால் அந்த 4 லிட்டர் கிடையாது. மேற்கொண்டு மாவு வேறு தண்ணீர் கேட்கும், முனையுள்ள துகள்கள் கலவையை இறுக்கிப் பிடிக்கும். "எம்.சாண்ட் தண்ணியைக் குடிக்குது" என்று சொல்லி அவர் ஊற்ற ஆரம்பிப்பார். 4 லிட்டர் வரை நியாயம், விட்டதை ஈடு செய்கிறது. அதற்கு மேலும் 5 லிட்டர் போனால் விகிதம் 0.6 ஆகிவிடும்; 28 நாள் வலிமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். மணல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இதை மீட்க முடியாது.

அதனால் தளம் போடும் நாளில் மூட்டைக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து ஊற்றச் சொல்லுங்கள். கலவை இறுக்கமாக இருந்தால் தண்ணீருக்குப் பதில் கலவையை இளக்கும் மருந்தான பிளாஸ்டிசைசர் சேர்க்கலாம், டப்பாவில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாமல். இதிலும் களிமண் ஒரு வேலை செய்கிறது: இப்போது அதிகம் புழங்கும் பாலிகார்பாக்சிலேட் வகை மருந்தை ஒரு சில களிமண் வகைகள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மருந்து போட்டும் கலவை இளகவில்லை, அல்லது இளகிச் சிறிது நேரத்திலேயே இறுகிவிட்டது என்றால் மணலைத் திரும்பப் பாருங்கள்.

இனிப் பூச்சுக்கு வருவோம். இங்கே கணக்கு தலைகீழ். பூச்சு மணலுக்கான ஐ.எஸ். 1542, களிமண், வண்டல், தூசி எல்லாம் சேர்த்து எடையில் 5 சதவீதத்தைத்தான் அனுமதிக்கிறது. ஆற்று மணலோ உடைத்த மணலோ, எல்லை ஒன்றுதான். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. தளத்தில் கம்பி உண்டு, ஜல்லி உண்டு, கனம் உண்டு. பூச்சு 12 அல்லது 15 மி.மீ. தோல். பின்னால் செங்கல் அதன் தண்ணீரை உறிஞ்சுகிறது, முன்னால் காற்றும் வெயிலும் உறிஞ்சுகின்றன. மாவு கூடினால் பூசத் தண்ணீர் கூடும், அந்தத் தண்ணீர் போகும்போது பூச்சு சுருங்கும், சுவர் சுருங்காது. விளைவு, ஒரு வாரத்துக்குள் சுவரெங்கும் வலைபோல் மயிரிழை வெடிப்பு. இன்னொரு கோளாறும் உண்டு: மட்டப்பலகையால் தேய்க்கத் தேய்க்க மாவும் தண்ணீரும் மேலே வந்து முகத்தில் மெல்லிய பாலாடையாகக் காயும். உள்ளங்கையால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டும். அதன்மேல் அடிக்கும் பட்டியும் பெயிண்டும் அந்தப் பொடியோடு சேர்ந்து உரிந்து வரும்.

உங்கள் 9.5 சதவீத எம்.சாண்ட் இதற்கு ஆகாது. "பூச்சுக்குத்தானே, பொடிச் சல்லடையில் சலித்துக்கொள்ளலாம்" என்று மேஸ்திரி சொல்லக்கூடும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ மணலில் 9.5 கிலோ மாவு. சலிக்கும்போது 2.36 மி.மீ.க்கு மேற்பட்ட குருணை ஒரு 25 கிலோ வெளியே போகிறது என்று வைப்போம். மாவு ஒரு துளியும் வெளியே போகவில்லை, எல்லாம் கீழே விழுந்துவிட்டது. இப்போது 75 கிலோவில் 9.5 கிலோ, தூள் 12.7 சதவீதமாக ஏறிவிட்டது. சலிப்பதால் எம்.சாண்ட் பூச்சுக்கு இன்னும் மோசமாகிறதே தவிர, சரியாவதில்லை. எம்.சாண்ட் பூச்சு வெடிக்கிறது என்று வரும் புகார்களில் கணிசமானவற்றுக்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

பூச்சுக்கென்று தனியாக பி.சாண்ட் வாங்குங்கள். அது குருணையை நீக்கி, மாவையும் கழுவியோ காற்றில் ஊதியோ குறைத்து எடுத்தது. பெயரை நம்பாமல் அதையும் வாளியில் கழுவி நிறுத்துப் பாருங்கள். 5 சதவீதத்தை ஒட்டி வந்தால் நல்லது. 8, 9 என்று வந்தால் அது பொடியாகச் சலித்த எம்.சாண்ட், அவ்வளவுதான். கழுவிய சரக்கு ஈரமாக வரும் என்பதால் பெட்டியில் அளக்கும்போது கவனம் வேண்டும். ஈர மணல் உப்பி நிற்கும், அதே பெட்டியில் மணல் குறைவாகத்தான் விழும்; காய்ந்த மணலுக்கும் ஈர மணலுக்கும் ஒரே பெட்டிக் கணக்கு ஓடாது. மாவு கூடுதலான மணலுக்கு ஈடாகச் சிமெண்டைக் கூட்டுவதும் தீர்வாகாது. சிமெண்ட் கூடினால் சுருக்கமும் கூடும், வெடிப்பு இன்னும் கண்ணுக்குத் தெரியும்படி விழும்.

உங்கள் ஆற்று மணலைப் பூச்சுக்குப் பயன்படுத்தலாமா? 3.8 என்பது 5-க்குள் இருப்பதால் தரநிலைப்படி அனுமதி உண்டு. ஆற்று மணலின் உருண்ட துகள் கரணைக்கு இதமாக ஓடும், குறைந்த தண்ணீரில் பூச வரும். பூச்சில் அதற்கு இருக்கும் இடத்தை நான் மறுக்க மாட்டேன். ஆனால் களிமண் கட்டிகள் இருக்கின்றனவா பாருங்கள். கட்டி ஒன்று சுவரில் மாட்டினால் பின்னால் ஈரம் படும்போது உப்பி, அந்த இடம் பொரிந்து குழியாகும். கட்டிகளைச் சலித்து எடுத்துவிடலாம். பருக்கைமேல் தோலாக ஒட்டிய களிமண் சலித்தால் போகாது, கழுவினால்தான் போகும். உட்புறச் சுவருக்குச் சலித்துப் போடுங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவருக்குத் தொட்டியில் போட்டுக் கழுவி, வடியவிட்டுப் போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இன்னொரு எச்சரிக்கை: சவுடு மண்ணைக் கழுவி ஆற்று மணல் என்று விற்பதும் நடக்கிறது. அதில் துகள் உருண்டையாக இல்லாமல், செம்மண் சாயம் பருக்கையிலேயே ஏறியிருக்கும். உப்பில்லாத பாட்டிலில் மறுநாளும் தண்ணீர் தெளியாது.

எண்கள் எல்லாம் சரியாக வந்தாலும், பூச்சு தொடங்கும் முன் ஒரு மீட்டர் நீள அகலத்துக்கு ஒரு மூலையில் பூசிப் பாருங்கள். அதே மணல், அதே விகிதம், அதே கனம், சுவரை அதே மாதிரி நனைத்து. முகத்தில் காய்ந்த சிமெண்ட் தூவாமல் விடச் சொல்லுங்கள். தூவினால் மணலின் குணம் மறைந்துவிடும். ஏழு நாள் தண்ணீர் காட்டியபின் இன்னும் இரண்டு மூன்று நாள் காயவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு அதில்தான் தெரியும். கையால் தடவிப் பொடி வருகிறதா, ஆணியால் கீறினால் ஆழமாக இறங்குகிறதா, விரல் முட்டியால் தட்டினால் டொக்கு சத்தம் வருகிறதா என்றும் பாருங்கள். இப்படிப் பத்து நாள் முன்னதாகத் தொடங்கினால் முழு வீட்டையும் பூசியபின் கொத்த வேண்டிய அவசியம் வராது.

கடைசியாக, மாதிரி எடுக்கும் முறை. நீங்கள் குவியலின் மேலிருந்து ஒரு கைப்பிடி எடுத்திருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். மழை பெய்தால் மேல் மணலின் மாவும் மண்ணும் இறங்கி அடியில் சேரும். காய்ந்த எம்.சாண்ட் டிப்பரிலிருந்து சரியும்போது குருணை உருண்டு ஓரத்துக்குப் போகும், மாவு நடுவில் தங்கும். ஆகவே குவியலின் நாலைந்து இடங்களில், மேற்பரப்பை அரை அடி ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு சட்டி எடுங்கள். எல்லாவற்றையும் ஒரு தார்ப்பாயில் கொட்டிப் புரட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை ஒதுக்குங்கள். மிச்சத்தை மறுபடி அப்படியே, ஒரு வாளி அளவு வரும் வரை. ஒவ்வொரு லோடுக்கும் இதைச் செய்ய வேண்டும். ஒரே கிரஷரிலிருந்து வந்தாலும் அன்று உடைத்த பாறை வேறாக இருக்கலாம். சும்மா ஜல்லி உடைக்கும்போது விழும் கிரஷர் தூசியை எம்.சாண்ட் என்று ஏற்றி அனுப்புவதும் உண்டு. அதைக் கழுவிய மிச்சத்தை வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தால் சில்லுச் சில்லாக, தகடும் ஊசியுமாக இருக்கும். சரியாக உடைத்து எடுத்த எம்.சாண்டில் துகள்கள் நீள அகலம் ஏறக்குறைய ஒத்த கட்டிகளாக இருக்கும்.

உப்பில்லாத பாட்டில் ஒன்று சொல்லி, காய்ந்த அடுக்கு வேறொன்று சொன்னாலோ, கழுவிய எடை 15-ஐ நெருங்கி வந்தாலோ மணலைக் கலவைக்கு எடுக்காமல் கட்டுமானப் பொருள் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பை அனுப்புங்கள். 75 மைக்ரான் கழுவலோடு மெத்திலீன் நீலச் சோதனையும் செய்து தரச் சொல்லுங்கள். அந்தச் சாயத்தைக் களிமண் உறிஞ்சும், கல்மாவு அநேகமாக உறிஞ்சாது. தூளில் களிமண் எவ்வளவு என்பது அதில் தெரிந்துவிடும். குவியலின் அடியில் கடைசி அரை அடியைப் பூச்சுக்கு எடுக்க வேண்டாம், தரை நிரவலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.